வட்டக்கச்சி வீட்டு ஹோலில் ரிவி வழியான வீடியோ அழைப்பு: கமராவுக்கு ஓரிடம், மைக்குக்கு வேறிடம்

வீடு கிளிநொச்சி மாவட்டத்தின் வட்டக்கச்சியில், மீள்குடியேற்றத்தின் பின் எழுந்த வீட்டுத்திட்ட வீடு. ஹோல் நாலரை மீற்றர் நீளம், மூன்றரை மீற்றர் அகலம். சீமெந்துத் தரை, பூசிய கல்லுச் சுவர், மேலே சீலிங் இல்லாத அஸ்பெஸ்ரஸ் சீற். சுவரில் 43 அங்குல ரிவி, அதன் தலையில் கவ்விய யூஎஸ்பி கமரா. கீழே ஒரு லப்ரொப், எச்டிஎம்ஐ வயரால் ரிவியோடு இணைத்திருந்தது. அழைப்பு வட்ஸ்அப்பின் விண்டோஸ் செயலியில். மறுமுனை ரொறன்ரோ. இந்த முனையில் பேசுபவர் எண்பது வயது தாண்டிய அம்மம்மா, காது கொஞ்சம் மந்தம்.

ரிவியிலேயே நேரடியாக அழைப்பு எடுக்காமல் லப்ரொப் எதற்கு என்று பலர் கேட்பார்கள். ரிவிக்குள் வரும் அழைப்புச் செயலியை நம்பி கமரா வாங்குவது இதுவரை நல்லபடி முடிந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஸ்மார்ட் ரிவிகளில் ஸ்கைப் இருந்தது. 2016 இல் ரிவிகளுக்கான ஸ்கைப் நின்றது, 2025 மே மாதத்தில் ஸ்கைப்பே மூடப்பட்டது. ரிவி நல்லாகத்தான் இருந்தது, கமராவும் நல்லாகத்தான் இருந்தது, செயலி மட்டும் போய்விட்டது. லப்ரொப் இருந்தால் செயலி மாறினாலும் கமராவும் ரிவியும் பயனில் இருக்கும். எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்று தெரிவுசெய்யும் வசதியும் கிடைக்கும். இந்த வீட்டின் பிரச்சினை கடைசியில் தீர்ந்ததே அந்தத் தெரிவால்தான்.

முறைப்பாடுகள் மூன்று. ரொறன்ரோவில் இருந்து பேரன் சொன்னது: "அம்மம்மா, உங்கட முகம் தெரியேல்ல, கறுப்பா ஒரு உருவம்தான் தெரியுது." அடுத்தது: "நான் கதைக்கிறது எனக்கே திரும்பிக் கேக்குது." அம்மம்மாவின் முறைப்பாடு வேறு: "மோனை, நீ கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. என்னைப் பாக்காம எங்கயோ பாக்கிறாய்." வீட்டார் நினைத்தது கமரா மட்டமானது என்று. இன்னும் விலை கூடிய, அகலக் கோணக் கமரா ஒன்றை எடுக்கவும் ஆயத்தமானார்கள். அதை வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் கெட்டிருக்கும்.

ஏன் என்பதை அளந்தே காட்டலாம். கையில் இருந்த கமராவின் பார்வைக் கோணம் மூலைக்கு மூலை 78 பாகை. இந்தக் கோணத்தில் கமரா பார்க்கும் அகலம் தூரத்தின் ஏறக்குறைய 1.4 மடங்கு. கதிரைகள் எதிர்ச் சுவரோடு, ரிவியில் இருந்து 3 மீற்றர் தள்ளிக் கிடந்தன. அந்தத் தூரத்தில் கமராவுக்குள் விழுவது 4.2 மீற்றர் அகலம், அதாவது ஹோலின் அகலத்தை விடக் கூட. அதற்குள் 16 சென்ரிமீற்றர் அகலமான ஒரு முகம் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. இணைப்பு மெலிந்து படம் 640 புள்ளி அகலத்துக்கு இறங்கும்போது அம்மம்மாவின் முகத்துக்கு மிஞ்சுவது 24 புள்ளிதான். 24 புள்ளிக்குள் கண்ணும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. 90 பாகைக் கமரா போட்டால் அதே இடத்தில் 5.2 மீற்றர் அகலம் விழும், முகம் இன்னும் சுருங்கும். அகலக் கோணம் என்பது கதிரையைக் கிட்டப் போட இடமில்லாத வீட்டுக்கானது. இந்த வீட்டில் இடம் தாராளமாக இருந்தது.

அதனால் முதலில் கதிரைகளை 1.8 மீற்றருக்குக் கொண்டுவந்தோம். பார்க்கும் அகலம் இரண்டரை மீற்றர் ஆனது. மூன்று பிளாஸ்ரிக் கதிரைகளை நெருக்கிப் போட்டால் இரண்டு மீற்றருக்குள் அடங்கும், இரு பக்கமும் கொஞ்சம் இடமும் மிஞ்சும். முகம் அதே மெலிந்த படத்தில் 41 புள்ளி ஆனது. ஆனால் முகத்தைப் பெருப்பித்ததும் வேறொரு குறை முழுசாக வெளியே வந்தது. ரிவி உயரத்தில் மாட்டியிருந்தது. மேல் விளிம்பு தரையில் இருந்து 190 சென்ரிமீற்றர். கதிரையில் இருக்கும் அம்மம்மாவின் கண் 110 சென்ரிமீற்றரில். மூன்று மீற்றருக்கு அப்பால் இருந்தபோது கமரா 15 பாகை சரிவில் அவரைப் பார்த்தது, அது அவ்வளவு உறுத்தவில்லை. 1.8 மீற்றரில் அது 24 பாகை. உச்சி வகிடும் நெற்றியும்தான் பெரிதாகத் தெரிந்தன, கண் இமைக்குக் கீழே ஒளிந்துகொண்டது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் யோசனை கமராவை ரிவிக்குக் கீழே இறக்குவது. நாங்களும் பரீட்சார்த்தமாக, ரிவியின் கீழ் விளிம்புக்குச் சற்றுத் தாழ, 125 சென்ரிமீற்றரில் ஒரு பலகைத் தட்டில் வைத்துப் பார்த்தோம். சரிவு 5 பாகைக்குக் குறைந்தது, முகம் நேராக வந்தது. ஆனால் இரண்டு விளைவுகள் கூடவே வந்தன. ரிவியின் நடுவில் பேரனின் முகம் 162 சென்ரிமீற்றரில் நிற்கிறது. அம்மம்மா அதைப் பார்க்கும்போது கண் கமராவுக்கு மேலே போகிறது. மறுமுனையில் அவர் கூரையைப் பார்த்துக் கதைப்பது போலத் தெரியும். கமராவுக்குச் சற்றுக் கீழே பார்க்கும் கண்ணை மனிதர் பொறுத்துக்கொள்வர், "என்னைத்தான் பார்க்கிறார்" என்றே எடுத்துக்கொள்வர். மேலே பார்க்கும் கண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே கமரா, திரையில் தெரியும் முகத்துக்கு மேலே இருப்பதுதான் நல்லது. இரண்டாவது விளைவு எதிரொலி. அது பல மடங்கு கூடியது. அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

சரியான வழி கமராவை அல்ல, ரிவியை இறக்குவது. சுவரில் இருந்து கழற்றி, அதன் சொந்தக் கால்களைப் பூட்டி, 55 சென்ரிமீற்றர் உயர மேசையில் வைத்தோம். கமரா பழையபடி ரிவியின் தலையில். இப்போது அதன் உயரம் 118 சென்ரிமீற்றர், அம்மம்மாவின் கண்ணை விட ஒரு சாண் அளவுகூட உயரமில்லை. வட்ஸ்அப் அழைப்புச் சாளரத்தை முழுத்திரையாக விரிக்காமல், திரையின் மேற்பகுதியில், கமராவுக்கு நேர் கீழே இழுத்து வைத்தோம். பேரனின் முகம் கமராவில் இருந்து 13 சென்ரிமீற்றர் கீழே வந்தது. 1.8 மீற்றரில் இருந்து பார்க்கையில் அது 4 பாகை வித்தியாசம், மறுமுனைக்குப் பிடிபடாது. முழுத்திரையில் படம் பெரிதாகத் தெரியும் என்ற ஆசையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

அம்மம்மாவின் முறைப்பாட்டில் மற்றப் பாதி, பேரன் எங்கேயோ பார்க்கிறான் என்பது, ரொறன்ரோவில் தீர வேண்டியது. அவர் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கணினித் திரையில் படத்தைப் பார்த்துக் கதைத்திருக்கிறார். படமும் கமராவும் ஒரே கருவியில் இருந்தால் போதும்.

ரிவி சுவரை விட்டு இறங்கியதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. முன்பு அது வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. கதிரையில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் கிழக்கு வாசல். ரொறன்ரோவில் சனி இரவு ஒன்பது மணி என்றால் இங்கே கோடைக்காலக் கணக்கில் ஞாயிறு காலை ஆறரை. அவர்கள் அழைக்கும் நேரமும் அதுதான், வாசலால் வெயில் நேரே உள்ளே வரும் நேரமும் அதுதான். கமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்யும், முன்னால் இருக்கும் முகம் கறுத்துப்போகும். பேரன் சொன்ன "கறுப்பு உருவம்" இதுதான், கமராவின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிவி மேசையைத் தெற்குச் சுவருக்கு நகர்த்தினோம். வாசல் இப்போது ஒரு பக்கத்தில். அதே வெயில் முகத்தின் ஒரு கன்னத்தில் விழுந்து முகத்தைத் துலக்குகிறது. இரவு அழைப்புக்கு ஹோலின் நடு விளக்கு போதாது, அது உச்சியில் விழுந்து கண்ணில் நிழல் கட்டும். ரிவிக்குப் பின்சுவரில் ஒரு ஒன்பது வாட் எல்ஈடி குமிழ், ஆட்கள் பக்கமாக. இரவில் படத்தில் கிடைக்கோடுகள் ஓடினால், கமராவின் அமைப்பில் மின்னதிர்வு 60 என்று இருக்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதை 50 ஆக்கினால் கோடு போய்விடும்.

இனி சத்தம். உண்மையில் இந்த வீட்டைக் கூடுதலாக வாட்டியது இதுதான்.

எதிரொலியில் முதலில் விளங்க வேண்டியது, அதைக் கேட்பவரின் பக்கத்தில் பிழை இல்லை என்பது. ரொறன்ரோவில் பேரன் தன் குரலைத் தானே கேட்கிறார் என்றால், அவர் குரல் வட்டக்கச்சியில் ரிவி ஸ்பீக்கரால் வெளியே வந்து, வட்டக்கச்சி மைக்குக்குள் புகுந்து, திரும்பப் போகிறது. சோதிப்பது சுலபம். இங்கே ரிவியின் சத்தத்தைப் பூச்சியமாக்கிவிட்டு அவரைப் பேசச் சொல்ல வேண்டும். எதிரொலி நின்றால் பிழை இங்கேதான். இந்த வீட்டில் உடனே நின்றது. அதுவரைக்கும் ரொறன்ரோவில் அவர் தன் கைப்பேசியை இரண்டு தடவை மாற்றியிருந்தார்.

செயலிக்குள் எதிரொலியை அழிக்கும் ஏற்பாடு ஒன்று எப்போதும் வேலை செய்கிறது. ஸ்பீக்கருக்கு எதை அனுப்பினோம் என்று அதற்குத் தெரியும். மைக்கில் அதே சத்தம் வந்தால் கழித்துவிடும். அது தோற்கும் நிலைமைகள் இரண்டு, இந்த வீட்டில் இரண்டுமே இருந்தன.

முதலாவது, ஸ்பீக்கர் சத்தம் பேசுபவரின் குரலை விட மைக்கில் மிகப் பலமாக விழுவது. கமராவின் உள் மைக்தான் பாவனையில் இருந்தது. ரிவியின் ஸ்பீக்கர்கள் கீழ் விளிம்பில், கமராவில் இருந்து அரை மீற்றருக்குச் சற்றுக் கூட. அம்மம்மா மூன்று மீற்றருக்கு அப்பால். காது மந்தம் என்பதால் அவர் ரிமோட்டில் சத்தத்தை 45 வரை ஏற்றி வைத்திருந்தார். மைக்குக்கு அம்மம்மாவின் குரல் ஒரு முணுமுணுப்பு, பேரனின் குரல் ஒரு கூச்சல். அழிக்கும் ஏற்பாடு இப்படியான இடத்தில் வேறு வழியில்லாமல், ஸ்பீக்கரில் சத்தம் வரும்போதெல்லாம் மைக்கையே அமத்திவிடும். அதன் அடையாளம், இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவரின் குரல் அறுந்துபோவதும், "ஓம் மோனை" என்று சொன்னால் மறுமுனையில் "...னை" மட்டும் கேட்பதும். கமராவை ரிவிக்குக் கீழே இறக்கிப் பார்த்தபோது எதிரொலி கூடியதன் காரணமும் இப்போது விளங்கும். அதன் மைக் ஸ்பீக்கரின் வாயிலேயே போய் இருந்துவிட்டது.

இரண்டாவது, ரிவி சத்தத்தைத் தன்பாட்டில் மாற்றுவது. சரவுண்ட், சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் வசதி போன்றவை போட்டிருந்தால், லப்ரொப் அனுப்பிய சத்தமும் ரிவி வெளியே விட்ட சத்தமும் ஒன்றல்ல. கழிக்க வேண்டிய கணக்கு பொருந்தாது. புளூடூத் ஸ்பீக்கர் இன்னும் மோசம், அதில் சத்தம் பிந்தி வருவதும் சேர்ந்துகொள்ளும். ரிவியின் சத்த அமைப்பைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து, மற்ற அலங்காரங்களை எல்லாம் நிறுத்தினோம். எதிரொலி பாதி குறைந்தது.

மிச்சப் பாதிக்கு மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவதைத் தவிர மருந்தில்லை. தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் கூடும். 3 மீற்றரில் இருந்து 75 சென்ரிமீற்றருக்கு வந்தால் தூரம் இரண்டு தரம் பாதியாகிறது, ஆகவே 12 டெசிபல். அறையின் அதிர்வொலி மட்டும் கூடாமல் அப்படியே நிற்கும். இந்த ஹோலில் அது கொஞ்சநஞ்சமல்ல. நடுவில் நின்று ஒருதரம் கைதட்டினால் சீற்றுக்கும் சீமெந்துக்கும் இடையில் அந்தச் சத்தம் "ணங்" என்று இழுபட்டு அடங்கும். அந்த இழுவைதான் தூர மைக்கில் பேசுபவரைக் கிணற்றுக்குள் தள்ளுவது. அம்மம்மாவுக்குப் பேரன் கிணற்றுக்குள் இருப்பதாகத் தோன்றியதும் இதே ஹோலால்தான். அவர் குரல் ரிவியால் வந்து, மூன்று மீற்றர் தாண்டி, சுவர்களில் மோதி, பிறகுதான் அம்மம்மாவின் காதுக்குப் போனது.

ஆகவே நாங்கள் எடுத்தது ஒரு யூஎஸ்பி மாநாட்டு ஸ்பீக்கர், மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே வட்டக் கருவிக்குள் இருப்பது. அதை ஒரு ஸ்ரூலில், அம்மம்மாவுக்கு முன்னால் 70 சென்ரிமீற்றரில் வைத்தோம். வயர் மூன்று மீற்றர். யூஎஸ்பி 2.0 வயர் மொத்தம் 5 மீற்றரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கருவி இடையிடையே காணாமல் போய் வரும். கீழே ஒரு துவாயை நாலாக மடித்து விரித்தோம். அம்மம்மா கதைக்கும்போது பக்கத்தில் பாக்கு இடிப்பார், அந்த இடி ஸ்ரூல் வழியாக நேரே மைக்குக்குள் ஏறும். துவாய் அதைத் தடுத்துவிட்டது.

இதில் பெரும்பாலானோர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. விண்டோஸில் Settings → System → Sound போய், Input இல் மட்டும் இந்தக் கருவியைத் தெரிந்துவிட்டு, Output ஐ ரிவியிலேயே விட்டுவிடுவார்கள், ரிவியில்தானே சத்தம் வரவேண்டும் என்று. அப்படி விட்டால் காசு வீண். இந்தக் கருவி தனக்குள் எதிரொலியை அழிப்பது தன் ஸ்பீக்கரால் வரும் சத்தத்தை வைத்துத்தான். ரிவியால் வரும் சத்தத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே கருவியைத் தெரிய வேண்டும், ரிவி ஊமையாக வேண்டும். வட்ஸ்அப் அழைப்பின் உள்ளேயும் மைக், ஸ்பீக்கர் தெரிவுகள் உண்டு, அவற்றையும் பார்க்க வேண்டும். வயரைக் கழற்றிப் பூட்டினால் விண்டோஸ் சிலவேளை சொல்லாமல் பழைய மைக்குக்குத் திரும்பிவிடும். கமரா மைக்கை Device Manager இல் Disable செய்துவிட்டால் அந்தக் கரைச்சலே இல்லை.

படம் ரிவியிலும் குரல் மடிக்கு முன்னாலும் வருவது முதல் ஐந்து நிமிடம் புதினமாக இருக்கும், பிறகு பழகிவிடும். அம்மம்மாவுக்கு அது பழக்கம் மட்டுமல்ல. ஸ்பீக்கர் கிட்ட இருப்பதால் சத்தத்தை அரைவாசிக்கு மேல் ஏற்றத் தேவையே வரவில்லை. சத்தம் குறைந்ததால் எதிரொலி போனது, இடைவெட்டும் போனது. "இப்ப பக்கத்துக் கதிரையில இருக்கிற மாதிரிக் கேக்குது" என்றார்.

ஹோலின் அதிர்வொலியைக் குறைக்க, கமராவுக்குத் தெரியாத ரிவிப் பக்கத்துச் சுவரில், கட்டில் மெத்தை ஒன்றைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தோம். கைதட்டிப் பார்த்தால் "ணங்" குறைந்தது காதுக்கே தெரியும். பாய் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்டார்கள். பனையோலைப் பாய் மெல்லியது, சத்தத்தை உறிஞ்சாது. தடிப்பும் மென்மையும் இருந்தால்தான் பலன்.

மின்விசிறியும் கவனிக்க வேண்டியது. அதன் ஒரே சீரான இரைச்சலைச் செயலி வடிகட்டிவிடும். காற்று மைக்கின் மேல் நேரே மோதி எழும் "புர்ர்" என்ற சத்தத்தை வடிகட்ட முடியாது. ஸ்ரூல், தொங்கும் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. அதை நிறுத்திவிட்டு, நிற்கும் விசிறியைப் பக்கவாட்டில், காற்று ஆட்களில் பட்டு ஸ்ரூலைத் தொடாதபடி திருப்பினோம்.

இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக. நல்ல 720 வரிப் படத்துக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் தலா ஒரு மெகாபிற்றுக்குச் சற்றுக் கூடத் தேவை, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி டேற்றா போகும். வேகத்தைப் பார்க்கும்போது அப்லோட்டைப் பாருங்கள், நம் முகம் போவது அதில்தான். 4ஜி ரவுட்டர் அலுமாரிக்குள் இருந்தது. அதை யன்னலோரம் உயர்த்தி வைத்து, லப்ரொப்புக்கு நேரே வயர் கொடுத்தோம்.

தீராதது ஒன்று மாரி மழை. ஐப்பசி, கார்த்திகையில் சீற்றின் மேல் மழை விழத் தொடங்கினால் 70 சென்ரிமீற்றர் தூர மைக்கால் எதுவும் செய்ய இயலாது. மழையை வடிகட்டப் போய் அம்மம்மாவின் குரலையும் சேர்த்துத் தின்றுவிடும். அந்த நாட்களுக்கு ஒரு சாதாரணக் கைப்பேசி இயர்ஃபோன், வயரில் மைக் உள்ளது, லப்ரொப்பில் செருகிவிட்டு Input, Output இரண்டையும் அதற்கு மாற்ற வேண்டும். மைக் வாயில் இருந்து 15 சென்ரிமீற்றரில், சட்டைக் கழுத்தோரம் ஒரு ஊசியால் குத்தி வைக்க வேண்டும், சேலைத் தலைப்பில் உரசக் கூடாது. 70 இல் இருந்து 15 க்கு வந்தால் இன்னொரு 13 டெசிபல் கிடைக்கும். பெருமழைக்கு அதுவும் மட்டுமட்டுத்தான். அப்போது அம்மம்மா ஒருவர் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கையசைக்கலாம்.

மூன்றாவது கதிரையில் இருப்பவரின் குரல் இன்னும் சற்று மெல்லியதாகவே போகிறது. அவரிடம் இருந்து ஸ்ரூல் ஒரு மீற்றருக்கு மேல். ஸ்ரூலை நடுவுக்கு நகர்த்தினால் அம்மம்மாவின் குரல் குறையும். அதனால் அதை அம்மம்மாவின் பக்கத்திலேயே விட்டிருக்கிறது.